கைக்கூட்டின் உள்பக்கம்

தேவையில்லாத இடத்தில் சப்போர்ட் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இது என் தொழில் திமிர். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் ஒரு மேசையும் கம்ப்யூட்டரும். தடுப்புக்குப் பின்னால் இரண்டு த்ரீடி பிரிண்டர்கள். காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், மிக்ஸியில் தேய்ந்துபோன பல்சக்கரம், கிரிவலப் பாதைக் கடைகளுக்கு உள்ளங்கை அளவில் நந்தி என்று எது வந்தாலும் செய்து கொடுப்பேன்.

சப்போர்ட் என்றால் என்னவென்று கேட்கிறவர்களுக்கு வீடு கட்டுவதைத்தான் உதாரணம் சொல்லுவேன். மேல்தளம் போடும்போது கீழே சென்ட்ரிங் அடித்து முட்டுக் கொடுக்கிறார்கள் இல்லையா, அதேதான். பிரிண்டர் உருக்கிய பிளாஸ்டிக்கை நூலாக விட்டு அடுக்கடுக்காக மேலே ஏறுகிறது. அடியில் பிடிப்பில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பாகத்துக்கு முட்டு வேண்டும், இல்லாவிட்டால் நூல் தொங்கிப்போகும். வேலை முடிந்ததும் சென்ட்ரிங்கைப் பிரிப்பது மாதிரி அந்த முட்டுகளைப் பிய்த்து எடுத்துவிடலாம். ஆனால் பிய்த்த இடத்தில் சொரசொரப்பாகத் தழும்பு நிற்கும்.

முட்டுகளை எங்கே வைப்பது என்பதை, உருவத்தை அடுக்குகளாக வெட்டித் தருகிற ஸ்லைசர் சாஃப்ட்வேரிடமே விட்டுவிட்டால் அது சாய்வை மட்டும் பார்த்துவிட்டுக் கண்ட இடத்திலெல்லாம் நட்டு வைக்கும். அந்தப் பக்கம் சாமி முகமா, மிஷினுக்குள் போகும் பாகமா என்று அதற்கு என்ன தெரியும்? அதனால் நான் கையால் பூசுவேன். ஸ்லைசரில் அதற்கென்று ஒரு பிரஷ் உண்டு. முட்டு கட்டாயம் வேண்டும் என்கிற இடத்தில் நீலம், கூடவே கூடாது என்கிற இடத்தில் சிவப்பு. உருவத்தைத் திருப்பித் திருப்பி, பொட்டு வைப்பது போல வைத்துக்கொண்டே போகலாம். நந்தியின் தாடைக்கு அடியில் ஒரு நீலக் கீற்று, கழுத்து மணிக்குக் கீழே ஒன்று, முகத்தில் முழுக்கச் சிவப்பு. பிரிண்ட் முடிந்து முட்டுகளை எடுத்தால் முகத்தில் ஒரு கீறல் இருக்காது. காலேஜ் பிள்ளைகள் ஸ்லைசரின் ஆட்டோ செட்டிங்கில் போட்டுக் காடு மாதிரி சப்போர்ட்டோடு ஃபைல் கொண்டுவந்தால் அவர்களை நிற்க வைத்துப் பாடம் எடுப்பேன். ஊருக்குத்தானடி உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மனு எழுதுகிற அக்காவை என் கடைக்கு அழைத்து வந்தவர் மருத்துவமனையில் கைப்பயிற்சி கொடுக்கிற மேடம். அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே, மரத்து நிழலில் மடியில் பலகை வைத்து மனு எழுதிக் கொடுக்கிற நாலைந்து பேரில் ஒருவர். மற்ற நாட்களிலும் கொஞ்சம் பேர் வருவார்கள். ஆனால் திங்கள்தான் அவருடைய நாள். பட்டா மாறுதல், விதவை பென்ஷன், வரப்பை வெட்டிப் பாதையை மறித்தவன் மேல் புகார் என்று ஒருவர் அரைமணி நேரம் அழுது சொல்வதை ஒரே பக்கத்தில் அடக்கிவிடுவார். எழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். நானே என் வீட்டுத் தண்ணீர் பிரச்சினைக்கு அவரிடம் ஒருமுறை எழுதி வாங்கியிருக்கிறேன்.

அந்த வலது கை இப்போது கட்டைவிரலோடு நின்றுவிட்டது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அடிக்கிற மிஷினில் நாலு விரல்களும் போய், தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

"ஒட்டுன தோலுக்கு உணர்ச்சி கிடையாது," என்றார் மேடம். "சூடு, குத்தல், எதுவும் இவங்களுக்குத் தெரியாது. அதனால உள்பக்கம் வழவழன்னு இருக்கணும். அது ஒண்ணுதான் என் கண்டிஷன்."

"எனக்கு ஒண்ணுதான் கண்டிஷன்," என்றார் அக்கா. "பேனா புடிக்கணும். எடது கையில எழுதி எழுதிப் பாக்கறேன், கோழி கிண்டுனாப்ல இருக்குது. போன திங்கக்கெழம ஒரு பெரியவரு எழுதுன பேப்பர வாங்கிப் பாத்துட்டு, ஏம்மா உனக்கு எழுதவே தெரியாதான்னு கேட்டுட்டுப் பக்கத்து ஆளாண்ட போயிட்டாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டுத் துப்பட்டா மாதிரி தோளில் கிடந்த துண்டால் அந்தக் கையை மூடிக்கொண்டார்.

மேடம் எடுத்துத் தந்த மாவுக்கட்டு அச்சை ஸ்கேன் செய்து, உள்ளங்கையை மூடுகிற ஒரு கூடு வரைந்தேன். கைக்கூடு என்றே அதற்குப் பேர் வைத்தோம். ஒரு பக்கம் கை நுழைகிற வாய். கட்டைவிரல் வெளியே வர ஒரு வெட்டு. மூடிய முனையிலிருந்து சாய்வாக ஒரு குழல், அதில் பேனா. மணிக்கட்டில் ஒட்டுப்பட்டை போட்டு இறுக்கிக்கொள்ளலாம்.

முதல் தடவை கூட்டின் வாய் மேலே பார்க்கும்படி, டம்ளரை நிறுத்துவது போல நிறுத்தினேன். அப்படி நிறுத்தினால் உள்சுவர்கள் தாமாகவே எழும்பிவிடும். கட்டைவிரல் வெட்டுக்குக் கீழே உள்பக்கம் ஒரு சின்ன விளிம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் விட்டால் ஸ்லைசர் அந்த விளிம்புக்காகக் கூட்டின் அடிவரைக்கும் உள்ளே கம்பம் நடும். நான் விளிம்பின் அடியைச் சரிவாகச் சீவிவிட்டேன். சரிவு தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். பிறகு உருவத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வசதியைப் போட்டு, உள்பக்கம் முழுவதும், ஒரு இண்டு இடுக்கு விடாமல் சிவப்பு பூசினேன். வெளியே உருண்டையான அடிப்பக்கத்துக்கும் குழலுக்குக் கீழேயும் நீலம். அன்று நான் செய்தது சுத்தமான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே தழும்பு இருந்தால் தேய்த்துவிடலாம். உள்ளே கண்ணாடி மாதிரி வந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா வந்து மாட்டிப் பார்த்தார். பேனாவைச் செருகி, என் மேசை மேல் கிடந்த ரசீதின் பின்பக்கத்தில் "உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு" என்று எழுதினார். அந்த எழுத்தேதான். அச்சடித்தது மாதிரி. அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். இரண்டாவது வரியில் கொஞ்சம் அழுத்தினார். குழல் அடியோடு படக்கென்று உடைந்தது.

தப்பு என்னுடையதுதான், ஆனால் அது பெரிய தப்பில்லை. நிற்க வைத்து அடித்ததால் குழலில் அடுக்குகள் ரொட்டித் துண்டுகளை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பக்கவாட்டில் அழுத்தினால் அடுக்கு பிரியும். கூட்டைப் படுக்கப்போட்டு அடித்தால் அடுக்குகள் குழலின் நீளத்துக்கு ஓடும், உடையாது.

"திங்கக்கெழம கெடச்சா நல்லாருக்கும் தம்பி," என்றார் அக்கா. "நாலு வாரமா ஆளே வராம உக்காந்துருக்கேன். புதுசா ஒரு ஆளு வந்து பக்கத்துலயே சேர் போட்டுட்டான்."

"திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு வாங்கக்கா, ரெடியா இருக்கும்."

அந்த ஞாயிறு பௌர்ணமி. கிரிவலக் கடைக்காரர் ஒருவர் ஞாயிறு மதியத்துக்குள் இரண்டு டஜன் நந்தி கேட்டிருந்தார். மதியத்துக்கு மேல் ஊருக்குள் வண்டி நுழைய முடியாது, எல்லா ரோட்டையும் அடைத்துவிடுவார்கள். சனிக்கிழமை முழுக்க நந்திகளோடு மல்லுக்கட்டினேன். நடுவில் கைக்கூட்டின் பழைய ஃபைலைத் திறந்து, சுண்டுவிரல் இருக்க வேண்டிய ஓரம் கீழே படும்படி அதைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டேன். ஸ்லைஸ் செய்தேன். வெளிப்பக்கம் முட்டுகள் அளவாக நின்றன. உள்ளே ஒன்றும் இல்லை. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பிரிண்டருக்கு அனுப்பினேன். அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கத் திரையோரம் ஒரு கோடு உண்டு, அதைத் தொடக்கூட இல்லை. காலேஜ் பிள்ளைகளுக்கு நான் எடுக்கிற பாடத்தில் முதல் பாடமே அந்தக் கோடுதான்.

ஞாயிறு காலை எடுத்துப் பார்த்தேன். குழல் கெட்டியாக இருந்தது, எவ்வளவு வளைத்தும் அசையவில்லை. உள்ளே ஆள்காட்டி விரல் பக்கத்து ஓரத்தில், படுக்கப்போட்டபோது கூரையாக இருந்த இடத்தில், நூல்கள் தொய்ந்து சேமியா மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு நாளாக மழை. பிளாஸ்டிக் ஈரம் வாங்கியிருக்கும், அதுதான் நூல் தொங்குகிறது என்று மழையின் மேல் பழியைப் போட்டேன்.

மறுபடி அடித்திருக்கலாம். ஒன்பது மணி நேர வேலை. அப்போதே போட்டிருந்தால் சாயங்காலம் கையில் இருந்திருக்கும். ஆனால் நந்தி இன்னும் ஆறு பாக்கி. இரண்டு பிரிண்டரிலும் போட்டால்தான் மதியத்துக்குள் முடியும். நந்தியைப் போட்டேன். உட்கார்ந்து ஒவ்வொரு நந்தியின் தாடையையும் சரிபார்த்தேன், கொம்புக்கு நடுவில் துளி பிசிறு இல்லாமல் பார்த்தேன். மதியம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஊரே நடந்துகொண்டிருந்தது, கூட்டத்தில் மாட்டி வீடு வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது. அலுப்பில் அப்படியே படுத்துவிட்டேன். சாயங்காலம் போட்டிருந்தால்கூட விடிவதற்குள் முடிந்திருக்கும். இதை எழுதும்போதுகூட அந்த மணிக்கணக்கை விரல் விட்டு எண்ணாமல் இருக்க முடியவில்லை.

திங்கள் காலை ஆறு மணிக்குக் கடைக்கு வந்து, தொங்கின நூல்களைப் பிளேடால் சீவினேன். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். உள்ளே வளைவான இடம், கை முழுசாக நுழையாது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள்; இது அண்டாகூட இல்லை. முக்கால்வாசி சரியானது. ஓரத்தில் ஒரு வரப்பு மட்டும் நின்றது. மேடம் உள்ளே ஒட்டச் சொல்லி ஒரு மெல்லிய ஸ்பாஞ்சு கொடுத்திருந்தார். அதை ஒட்டினேன். வரப்பு கண்ணுக்கு மறைந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று என்னிடம் கேட்டால் சொல்லித் தருவேன்.

அக்கா எட்டு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். புதுப் புடவை. கையில் ஒரு கட்டு வெள்ளைத்தாள், பலகை. நான் கைக்கூட்டை எடுத்து, கொடுப்பதற்கு முன்னால் உள்ளே ஆள்காட்டி விரலை விட்டு ஒரு தடவை சுற்றினேன். ஸ்பாஞ்சுக்கு அடியில் அரிசி மணி மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அழுத்தினால்தான் தெரிந்தது. மேலாகத் தொட்டால் தெரியவில்லை.

"ம், சரி. மாட்டிக்கங்கக்கா," என்றேன்.

அன்று மதியம் டீ குடிக்கப் போனபோது மரத்தடியில் பார்த்தேன். அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். அந்தப் புது ஆள் சேரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா என்னைப் பார்த்துக் கைக்கூட்டைத் தூக்கிக் காட்டினார், வண்டியில் போகிறவன் ஹாரன் அடிக்கிற மாதிரி ஒரு உற்சாகம். டீக்கடைக்காரரிடம், அது நான் செய்தது என்று சொன்னேன். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

புதன்கிழமை மேடம் போன் செய்தார். "கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா? கைக்கூட்டப் பத்திப் பேசணும்."

போனபோது கட்டுப் போடும் அறையில் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒட்டின தோலில், ஆள்காட்டி விரல் பக்கத்து ஓரத்தில், நகத்தளவுக்குப் புண். ஆழமாக இருந்தது. திங்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கழற்றும்போது ஸ்பாஞ்சு கறுப்பாக இருந்ததைப் பார்த்து, பேனா மை என்று நினைத்தாராம்.

"ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ கழட்டிப் பாக்கணும்னு சொன்னேனா இல்லயா?" என்று மேடம் அவரைத்தான் கேட்டார். "வலி தெரியாதவங்க கண்ணால பாக்கணும். எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"சொன்னீங்க மேடம். கூட்டம் ஜாஸ்தி. கழட்டுனா நேரமாவும்னு உட்டுட்டேன். என் தப்புதான்."

"ஒட்டுத்தோல் ஆறவே ஆறாது அவ்வளவு சீக்கிரம். ஆறுற வரைக்கும் இத மாட்டக்கூடாது." மேடம் கைக்கூட்டைக் கையில் எடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்பாஞ்சின் ஓரத்தை நகத்தால் நெம்பப் போனார்.

"குடுங்க மேடம், நான் பாத்துக்கறேன். ஸ்பாஞ்ச இன்னும் கொஞ்சம் தடிப்பா போட்டுடலாம்," என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்கினேன் என்பது மரியாதையான வார்த்தை. பிடுங்கிக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்து, "உங்களுக்கும் வீண் அலைச்சல் தம்பி," என்றார்.

அதற்கு நான் சொன்ன பதில், "பரவால்லக்கா."

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்பாஞ்சைப் பிய்த்தேன். வரப்பு அப்படியே இருந்தது, நான் விட்டு வைத்த இடத்தில், விட்டு வைத்த மாதிரி. மழை மேல் பழியைப் போட்டது அப்போதும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தேன். சாதாரணமாகப் பார்த்தால் உருவம் ஒரே நிறத்தில்தான் தெரியும். பூசின வண்ணம் பிரஷ்ஷை எடுத்தால்தான் தெரியும். பிரஷ்ஷை எடுத்து, குறுக்கே வெட்டிப் பார்த்தேன்.

உள்பக்கம் முழுக்கச் சிவப்பு. ஒரு இண்டு இடுக்கு விடாமல்.

பூசின வண்ணம் உருவத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், உருவத்தைத் திருப்பினால் கூடவே திரும்பும். நிற்க வைத்தபோது அந்தச் சிவப்பு சரி. சுவருக்கு முட்டு வேண்டியதில்லை. படுக்கப்போட்டதும் அதே சுவர் கூரையாகிவிட்டது. அங்கே முட்டு வேண்டும் என்று ஸ்லைசருக்குத் தெரிந்துதான் இருக்கும், ஆனால் கூடவே கூடாது என்று நான் எழுதி வைத்திருந்தேன். அது என் பேச்சைக் கேட்டது. ஆட்டோவில் விட்டிருந்தால், நான் கேலி செய்கிற அந்தக் காட்டை உள்ளே நட்டு, தழும்போடாவது கூரையைத் தாங்கியிருக்கும். அந்தத் தழும்பும் அக்காவின் தோலுக்கு ஆகாதுதான். ஆனால் அது பார்த்தவுடன் தெரிந்திருக்கும், நானே கொடுத்திருக்க மாட்டேன். பழைய வண்ணத்தைத் துடைத்துவிட்டு, புதிதாகத் திருப்பிப் பார்த்துப் பூச வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. மழைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மேடத்துக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். வைத்தேன். சாயங்காலம் செய்யலாம். மறுநாள் செய்யலாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; என் நெஞ்சு குறுகுறுத்ததே தவிர வாயைத் திறக்கவில்லை. அடுத்த திங்கள் மரத்தடியைத் தாண்டிப் போனபோது அக்கா இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார், வலது கையில் வெள்ளைக்கட்டு. எதிரே ஒரே ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். சேர் போட்ட ஆளிடம் வரிசை. அக்கா தலை நிமிர்வதற்குள் நான் ரோட்டைத் தாண்டிவிட்டேன். அன்றிலிருந்து டீக்கடையை மாற்றிக்கொண்டேன். புதுக் கடையில் டீ நன்றாகவே இருக்காது, அதையும் குடித்தேன்.

வீட்டில் என் மனைவி, "என்ன ஆச்சு உங்களுக்கு, பிரிண்டர் ரிப்பேரா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன்.

புண் ஆற இரண்டு மாதம் போலப் பிடித்தது. அதற்குள் ஒரு புதுக் கைக்கூடு செய்தேன். இந்தத் தடவை பழைய ஃபைலைத் தொடவில்லை. கூட்டையும் குழலையும் தனித்தனியாகப் பிரித்து வரைந்தேன். கூடு நின்ற வாக்கில், வாய் மேலே. குழல் படுத்த வாக்கில். இரண்டையும் வெளியிலிருந்தே திருகு போட்டு முடுக்கும்படி, திருகின் முனை உள்ளே எட்டாதபடி அந்த இடத்தில் சுவரைத் தடிப்பாக்கினேன். பிரஷ்ஷை எடுத்தேன். உள்ளே சிவப்பு, வெளியே அடிப்பக்கத்து உருண்டையில் நீலம், வாய் விளிம்பில் எதுவும் இல்லை. ஸ்லைஸ் செய்து, அந்தக் கோட்டைப் பிடித்து அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒவ்வொரு அடுக்காகத் தள்ளினேன். ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே உள்ள அடுக்கின் மேல் உட்காருகிறதா என்று பார்த்தேன். டீ ஆறிப்போனது.

பிரிண்ட் வந்ததும் பஞ்சு வாங்கி வந்து உள்ளே சுற்றித் தேய்த்தேன். துளி பிசிறு இருந்தாலும் பஞ்சு மாட்டிக்கொள்ளும். ஒரு இடத்தில் மாட்டியது, தேய்த்தேன். அப்புறம் மாட்டவில்லை. நந்திக்கு ஒரு நாளும் நான் பஞ்சு தேய்த்ததில்லை.

மேடம் போன் செய்து, கை ஆறிவிட்டது, மாட்டலாம் என்றார். போனை வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். சிவப்பு, திருப்பிப் போட்டது, வரப்பு, ஸ்பாஞ்சு, அன்றைக்குக் கையிலிருந்து பிடுங்கியது, எல்லாம். மேடம் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு, "அன்னிக்கு நான் அவங்களத் திட்டும்போது நீங்க பக்கத்துலதான நின்னீங்க," என்றார். ஆமாம் என்றேன். "இத என்னாண்ட சொல்லி என்ன? அவங்ககிட்ட போய் சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் போனேன். வியாழனில் கூட்டம் இருக்காது. அக்கா தனியாக உட்கார்ந்து வெள்ளைத்தாள்களின் ஓரத்தை மடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சேர் போட்ட ஆள் சாப்பிடப் போயிருந்தான். நான் அந்தச் சேரில் உட்காராமல், மனு கொடுக்க வந்தவனைப் போலத் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"உங்க கை புண்ணானதுக்கு நான்தான் காரணம்க்கா. நீங்க கழட்டிப் பாக்காததால இல்ல. உள்ள தப்பா அடிச்சிட்டேன். தெரிஞ்சும் மேல ஸ்பாஞ்ச ஒட்டிக் குடுத்துட்டேன். ஆஸ்பத்திரியில மேடம் உங்களத் திட்டுனப்ப வாயத் தொறக்காம நின்னேன்."

ஊருக்கே குறை எழுதிக் கொடுக்கிறவர் அவர். என்னைப் பற்றி இரண்டு மாதமாக யாரிடமும் ஒரு வரி குறை சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். கோடு போட்ட தாளைப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியும் தம்பி," என்றார்.

"எப்படி?"

"அன்னிக்குக் காலைல குடுக்கறதுக்கு முன்ன உள்ள வெரல உட்டுப் பாத்தீங்க. ஒரு எடத்துல வெரலு நின்னுச்சு. மூஞ்சி கொஞ்சம் சுருங்குச்சு. அப்பறம் சரி, மாட்டிக்கங்கன்னு குடுத்தீங்க."

"பாத்தீங்களா? அப்ப ஏன்க்கா மாட்டுனீங்க?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மனுவில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வைக்கிற மாதிரி, நிதானமாகத்தான் சொன்னார்.

"எனக்குத்தான் அந்தக் கையில ஒண்ணும் தெரியாதே தம்பி. உங்க வெரலுக்குத் தெரியும்ல. அது சரின்னு சொல்லுச்சு, மாட்டிக்கினேன்."

பையிலிருந்து புதுக் கைக்கூட்டை எடுத்து அவர் பலகை மேல் வைத்தேன். அவர் இடது கையால் அதைத் தூக்கி, குழலைப் பார்த்தார், திருகைப் பார்த்தார். வாயைத் தன் பக்கம் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தார். மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். மாட்டவில்லை. என் பக்கம் நீட்டினார்.

"வெரல உட்டுப் பாத்துட்டுக் குடுங்க," என்றார்.

உள்ளே விரலை விட்டேன். அவர் கைக்கூட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.